தொடர்பு மொழியின் சாயல் படாமல் இலக்கண ஏற்புத் தீர்ப்பைக் கேட்டுப் பெறுவது: களப்பணியாளருக்கான வழிகாட்டி

ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "உங்கள் மொழியில் இப்படிச் சொல்வதுண்டா?" என்று கேட்டு, தகவலாளர் தரும் விடையைக் குறித்துக்கொள்வதே ஏற்புத் தீர்ப்பு. பார்வைக்கு எளிய இந்த வேலையில் புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஆய்வு மொழி வாக்கியத்தோடு அதன் பொருளை, தகவலாளரோடு பேசிக்கொள்ளப் பயன்படும் தொடர்பு மொழியிலும் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்ட தகவலாளர் பொருள் விளங்கிவிட்டதால் "சரி" என்கிறார். அந்தச் "சரி" எந்த வாக்கியத்துக்கு உரியது என்பது கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து செல்கிறது. வாசகர் தம் காதாலேயே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தமிழை ஆய்வு மொழியாகவும் ஆங்கிலத்தைத் தொடர்பு மொழியாகவும் வைத்திருக்கிறேன். தமிழ் அறியாத ஆய்வாளர் ஒருவர், ஆங்கிலம் அறிந்த தமிழரிடம் கேட்கிறார் என்று கொள்ளுங்கள். வேறு எந்த இரு மொழிகளை வைத்தாலும் படிகளின் வரிசை மாறாது.

கேள்வி இதுதான்: பெயரெச்சம் உடனிகழ்ச்சிப் பொருளைத் தழுவி நிற்குமா? "நான் வந்த பேருந்து" என்பதை யாரும் தயங்காமல் சொல்வார்கள். "நான் வந்த நண்பன்" என்று சொல்லி, "எந்த நண்பனோடு வந்தேனோ அந்த நண்பன்" என்ற பொருளைப் பெற முடியுமா?

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஆய்வு மொழியில் இயல்பாகப் பேசிய பேச்சின் பதிவு. சில மணி நேரப் பதிவாவது எழுத்தாக்கப்பட்டு, சொல்லுக்குச் சொல் பொருள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சோதனை வாக்கியங்களுக்கான சொற்களும் அமைப்பும் இதிலிருந்துதான் வரப்போகின்றன. இது இல்லாதவர் வாக்கியங்களைத் தொடர்பு மொழியில் யோசித்து மொழிபெயர்ப்பார். அப்போது சாயல் தகவலாளரிடம் போகும் முன்பே வாக்கியத்தில் ஏறிவிடுகிறது.

இரண்டாவது தேவை, சோதிக்கப்படுகிற இடத்தில் தொடர்பு மொழி என்ன செய்கிறது என்ற தெளிவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதாது, தாளில் எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில், "உடன்" என்ற பொருள் தரும் முன்னிடைச்சொல்லை ஆங்கிலம் எச்சத் தொடரின் இறுதியில் தனியே விட்டுவைக்கும், அல்லது வினாச்சொல் வடிவத்தோடு சேர்த்து முன்னால் வைக்கும். ஆகவே உடனிகழ்ச்சிப் பெயரைத் தழுவுவதில் ஆங்கிலத்துக்கு இடர்ப்பாடே இல்லை. தமிழ்ப் பெயரெச்சத்திலோ "உடன்" தங்குவதற்கு இடம் கிடையாது. தழுவப்படும் பெயர் வெளியே போனவுடன் அதன் உருபும் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது தேவை, தகவலாளரின் மொழிப் பின்னணி. வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, துணையோடு எந்த மொழி, எண்ணுவது எந்த மொழியில் என்ற நான்கு விடைகளும் தீர்ப்போடு சேர்த்தே வைக்கப்பட வேண்டும். குறைந்தது மூன்று பேரிடமாவது கேளுங்கள். தொடர்பு மொழியைக் குறைவாகப் பயன்படுத்தும் ஒருவராவது அவர்களில் இருக்கட்டும்.

2. சாயல் எந்தப் பக்கம் தள்ளும் என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

தொடர்பு மொழியின் சாயல் ஒரே திசையில் வருவதில்லை. எதிர்பார்க்கும் திசையைக் கேட்கும் முன்பே எழுதாதவர், பிறகு கிடைத்த விடை எதுவானாலும் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு திசை, வடிவத்தின் சாயல். உடனிகழ்ச்சிப் பெயரைத் தழுவும் ஆங்கிலத் தொடரைக் கொடுத்து, "இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்றால், பலர் "எந்த நண்பனுடன் நான் ஊருக்குப் போனேனோ அந்த நண்பன்" என்பார்கள். அது பிழையான தமிழன்று. ஆயினும் கொடுத்த தொடரில் வினாச்சொல் வடிவம் இருந்ததால் வினாச்சொல் உள்ள அமைப்பு வெளிவந்திருக்கலாம். இதை வைத்து "இம்மொழியில் உடனிகழ்ச்சிக்கு இந்த அமைப்பே வழக்கு" என்று எழுதுவது அடுத்த பிழை.

இன்னொரு திசை, பொருளின் சாயல். இதுவே அடிக்கடி ஏமாற்றுவது. "நான் ஊருக்குப் போன நண்பன்" என்று சொல்லி, கூடவே ஆங்கிலத்தில் பொருளையும் சொன்னால், கேட்பவர் "உடன்" என்பதை ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழ் வாக்கியத்தில் தாமே நிரப்பிக்கொள்கிறார். வாக்கியம் தராத பொருளை மொழிபெயர்ப்பு தந்துவிடுகிறது.

கண்ணுக்கே தெரியாத திசையும் ஒன்று உண்டு. தொடர்பு மொழியில் இல்லாத வேறுபாடு கேள்வியாகவே எழாமல் போய்விடும். தன்மைப் பன்மைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல். அதைக் கொண்டு வாக்கியம் வாக்கியமாகக் கேட்டால், வெளியாளாகிய ஆய்வாளரிடம் பேசுகிற தகவலாளர் ஒவ்வொரு முறையும் "நாங்கள்" என்றே சொல்வார், ஏனென்றால் கேட்பவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்லர். "நாம்" ஏட்டில் ஏறவே ஏறாது. இயல்புப் பேச்சின் பதிவு இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்க முடியாததாகிறது.

நம் எடுத்துக்காட்டுக்கு நான் எழுதும் முன்கணிப்பு இது: ஆங்கிலம் ஏற்கும் பக்கமாகத் தள்ளும். ஆகவே மொழிபெயர்ப்பு இல்லாமல் கிடைக்கும் மறுப்பு நம்பத்தக்கது. மொழிபெயர்ப்போடு கிடைக்கும் ஏற்பு நம்பத்தக்கதன்று.

3. சோதனை வாக்கியங்களை ஆய்வு மொழிக்குள்ளிருந்தே கட்டுங்கள்

பதிவிலிருந்து ஏற்கெனவே ஒருவர் இயல்பாகச் சொன்ன வாக்கியத்தை எடுத்து, அதில் ஒரே ஒரு கூறை மட்டும் மாற்றுங்கள். மறுப்பு வந்தால் மாற்றிய அந்தக் கூறே காரணம் என்று அப்போதுதான் சொல்ல முடியும். பதிவில் "நான் ஊருக்குப் போன பேருந்து வழியிலேயே நின்றுவிட்டது" என்று இருந்தால், அதிலிருந்து நான்கு வகை வாக்கியங்களைக் கட்டலாம்.

அ வகை: "நான் ஊருக்குப் போன பேருந்து பழுதாகிவிட்டது." கருவிப் பொருள். இது ஏற்கப்பட வேண்டும்.

ஆ வகை: "நான் ஊருக்குப் போன நண்பன் நேற்று வந்தான்." உடனிகழ்ச்சிப் பொருள். இதுதான் கேள்வி.

இ வகை: "நான் வெகுநேரம் பேசிய நண்பன் நேற்று வந்தான்." இங்கும் "உடன்" மறைந்திருக்கிறது. ஆனால் "பேசு" என்ற வினை எதிராளி ஒருவரை வேண்டி நிற்பது. "பழகு", "சண்டையிடு" ஆகியவையும் இப்படிப்பட்டவை.

ஈ வகை: "என்னுடன் ஊருக்கு வந்த நண்பன் நேற்று வந்தான்." பொருள் ஏறத்தாழ ஆ வகையின் பொருளே. ஆனால் தழுவப்படுவது வினைமுதல்.

ஈ வகை எதற்கென்று புதியவர்கள் கேட்பதுண்டு. ஆ வகை மறுக்கப்பட்டால், "நண்பனோடு ஊருக்குப் போவது" என்ற செய்தியே தகவலாளருக்குப் பொருந்தாமல் பட்டதா, வாக்கிய அமைப்பு பொருந்தவில்லையா என்ற ஐயம் எழும். ஈ வகையை ஏற்றவர் ஆ வகையை மறுத்தால் செய்தியில் குறை இல்லை என்பது உறுதியாகிறது. இ வகை அதைவிட முக்கியமானது. அது ஏற்கப்பட்டு ஆ வகை மட்டும் மறுக்கப்பட்டால், தடை "உடன்" உருபுக்கு உரியதன்று. வினை வேண்டாத துணையைத் தழுவுவதற்கே உரியது. இ வகையைச் சேர்க்காதவர் "உடனிகழ்ச்சியைத் தழுவ முடியாது" என்று மிகைப்படுத்தி எழுதிவிடுவார்.

வினைகளைத் தேர்வதில் ஒரு எச்சரிக்கை. "நான் சாப்பிட்ட நண்பன்" என்று சோதித்தால் தகவலாளர் சிரிப்பார். நண்பனையே சாப்பிட்டதாக, செயப்படுபொருளாக, அது விளங்கிவிடுகிறது. அந்தச் சிரிப்பும் நல்ல தரவுதான். உடனிகழ்ச்சிப் பொருள் அவருக்குத் தோன்றவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் சோதனைக்கு இவ்வகை வினை ஏற்றதன்று. ஒரு பொருள் குறுக்கே வந்து மற்றதை மறைத்ததா, மற்றது இல்லவே இல்லையா என்று பிரித்தறிய முடியாது. "போ", "வா", "நட" போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளையே எடுங்கள்.

இடையே ஒன்று. பெயரெச்சம் தழுவும் பொருள்களைத் தொல்காப்பியம் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாகச் சொல்கிறது. உடனிகழ்ச்சி அந்த ஆறில் இல்லை. இதைக் கண்டவுடன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். கொள்வோரும் அந்தப் பட்டியலில் இல்லை. "நான் கடிதம் கொடுத்த பையன்" என்பதையோ இன்று யாரும் தயங்காமல் சொல்கிறார்கள். ஏட்டிலிருக்கும் இலக்கணம் நல்ல கேள்விகளைத் தரும். இன்றைய பேச்சாளரின் தீர்ப்பை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

4. நிரப்பு வாக்கியங்களில் சாயல்மானி ஒன்றை வையுங்கள்

சோதனை வாக்கியங்களை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டே நிமிடத்தில் தகவலாளர் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று கண்டுகொள்வார். அதன் பிறகு அவர் தருவது உங்களுக்கு உதவும் விடை. ஆகவே ஒரு சோதனை வாக்கியத்துக்கு மூன்று நிரப்பு வாக்கியம் என்ற அளவில் கலக்க வேண்டும்.

நிரப்பு வாக்கியங்களை நான்கு குழுவாகப் பிரித்து வைக்கிறேன். இரு மொழியிலும் ஏற்பவை, இரு மொழியிலும் ஏற்காதவை, ஆய்வு மொழியில் மட்டும் ஏற்பவை, தொடர்பு மொழியில் மட்டும் ஏற்பவை. கடைசிக் குழுவைத்தான் சாயல்மானி என்று அழைக்கிறேன். "எனக்குக் குளிர்கிறது" என்ற பொருளில் "நான் குளிராக இருக்கிறேன்" என்பது ஆங்கில அமைப்பின் நேர்ப்பெயர்ப்பு. இதைத் தகவலாளர் மறுக்க வேண்டும். அன்றைக்கு ஏற்றுக்கொண்டார் என்றால், அவர் வடிவத்தை விட்டுப் பொருளுக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளுங்கள். அன்றைய தீர்ப்புகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, அடுத்த படியில் வரும் பயிற்சிக்குத் திரும்புவதே வழி. சாயல்மானி வாக்கியங்கள் உண்மையிலேயே ஏற்கப்படாதவைதாமா என்பதை வேறு இருவரிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்றைய பேச்சில் அரைகுறையாக நுழைந்துவிட்ட "நான் பசியாக இருக்கிறேன்" போன்றவை மானிக்கு உதவா.

அளவைப் பற்றி: ஆ வகைக்கு நான்கு வெவ்வேறு சூழல்கள் அமைத்தால், நான்கு வகையும் சேர்ந்து பதினாறு சோதனை வாக்கியங்கள் ஆகும். ஒரு நாளில் ஒவ்வொரு சூழலிலிருந்தும் ஒரே வாக்கியம், ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரே வாக்கியம் என நான்கை மட்டும் எடுத்து, பன்னிரண்டு நிரப்பு வாக்கியங்களோடு கலந்து கேளுங்கள். நான்கு நாளில் வேலை முடியும். ஒரே சூழலின் இரண்டு வடிவங்களை ஒரே அமர்வில் கேட்டால் தகவலாளர் ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டு, "முன்பு சொன்னதுதான் நன்றாக இருந்தது" என்பார். அது வேறு வகைத் தரவு. தவிர, ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது பழகி, முதலில் மறுத்ததைப் பிறகு ஏற்கத் தொடங்கும் போக்கும் உண்டு.

5. "சரியா?" என்ற கேள்வியைப் பயிற்சியால் பிரியுங்கள்

"சரியா?" என்று கேட்டால் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை வரலாம்: செய்தி உண்மையா, சொல்வது மரியாதையா, பள்ளியில் இப்படி எழுதலாமா, நாங்கள் இப்படிப் பேசுவோமா. நமக்கு வேண்டியது கடைசிக் கேள்விக்கான விடை மட்டுமே.

முதல் அமர்வின் முதல் கால் மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். "மீன்கள் மரத்தில் கூடு கட்டுகின்றன" என்று சொல்லுங்கள். தகவலாளர் "தவறு, மீன் கூடு கட்டாது" என்பார். "ஆமாம், பொய்தான். ஆனால் ஒரு குழந்தை இப்படிக் கதை சொன்னால், அதன் பேச்சைத் திருத்துவீர்களா, செய்தியைத் திருத்துவீர்களா?" என்று கேளுங்கள். அடுத்து "நாளைக்கு அவள் வந்தான்" என்று சொல்லுங்கள். இங்கே பேச்சைத்தான் திருத்துவார். இந்த இரண்டின் வேறுபாடு அவருக்குப் பிடிபடும்வரை சோதனைக்குள் போக வேண்டாம். இலக்கணக் கலைச்சொல் எதுவும் இதற்குத் தேவையில்லை. குழந்தையின் பேச்சைத் திருத்துவது எந்தச் சமூகத்தாருக்கும் பழகிய செயல்.

விடைகள் ஆய்வு மொழியிலேயே மூன்றாக இருக்கட்டும்: "நாங்கள் இப்படிச் சொல்வோம்", "நாங்கள் சொல்ல மாட்டோம், ஆனால் வேறு யாராவது சொன்னால் புரியும்", "இப்படிச் சொல்லவே முடியாது". நடுவில் உள்ள விடையைத் தராத ஆய்வாளர்களே பெரும்பாலும் சாயலில் சிக்குகிறார்கள். புரிகிறது என்பதற்காக "சரி" சொல்லும் பணிவான தகவலாளருக்கு அந்த நடு விடை வெளியேறும் வழியாகிறது. வெளியாளின் முகம் வாடக் கூடாது என்று எண்ணுபவர் "சொல்ல மாட்டோம், ஆனால் புரியும்" என்பதைத் தயக்கமின்றிச் சொல்வார். "தவறு" என்று சொல்லமாட்டார்.

6. சூழலை முதலில் நிறுவுங்கள், வாக்கியத்தை மொழிபெயர்க்காதீர்கள்

சூழல் இல்லாமல் எந்த வாக்கியத்துக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூழலை ஆய்வு மொழியிலேயே சொல்வது நல்லது. அதற்கு முடியாத நிலையில் படங்களோ கையில் உள்ள பொருள்களோ உதவும். இரண்டு ஆள் உருவங்களை ஒரு வண்டியில் ஏற்றி நகர்த்திக் காட்டினால், யார் யாரோடு போனார் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடலாம்.

இவை எதுவும் இயலாதபோது சூழலைத் தொடர்பு மொழியில் சொல்லலாம். அதைத் தீண்டக் கூடாத பாவமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சூழலில் சோதிக்கப்படும் அமைப்பு இருக்கவே கூடாது. எச்சத் தொடரைச் சோதிக்கிறீர்கள் என்றால், சூழல் முழுவதும் தனித்தனி எளிய வாக்கியங்களாக இருக்கட்டும்: "எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவனும் நானும் சேர்ந்து ஊருக்குப் போனோம். மற்றவன் வீட்டிலேயே இருந்தான். நேற்று அவர்களில் ஒருவன் வந்தான்." இதைத் தொடர்பு மொழியில் சொல்லி, சிறிது இடைவெளி விட்டு, ஆய்வு மொழியில் சோதனை வாக்கியத்தைக் கேட்கச் செய்யுங்கள். இரு நண்பர்களை வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே நண்பன் இருந்தால் "நண்பன்" என்ற சொல்லே ஆளைச் சுட்டிவிடும். எச்சத் தொடர் வேலை செய்ததா இல்லையா என்பது தெரியாமல் போய்விடும்.

7. அமர்வில் கேட்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றினால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீண். முதலில் தீர்ப்பு, பிறகு திரும்பச் சொல்லல், பிறகு பொருள் கேள்வி, பிறகு திருத்தம், எல்லாம் முடிந்த பின் மொழிபெயர்ப்பு. முன் படியில் வாங்கிய விடையைப் பின் படி கெடுக்க முடியாதபடி இவ்வரிசை அமைந்திருக்கிறது.

வாக்கியத்தை ஆய்வாளர் தம் வாயால் சொல்லாமல், இன்னொரு தாய்மொழியாளரின் குரலில் முன்பே பதிந்து ஒலிக்கச் செய்வது நல்லது. உங்கள் உச்சரிப்பைக் கேட்டவுடன் "பாவம், முயற்சி செய்கிறார்" என்ற இரக்கம் தீர்ப்பில் கலந்துவிடும். பதிவில் குரல் கொடுப்பவர் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு சொல்லியிருக்க வேண்டும். ஏற்காத வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் தயங்கினால் அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தீர்ப்பைப் பெற்றதும், "நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "சொல்வோம்" என்று தீர்ப்புச் சொன்னவர், திரும்பச் சொல்லும்போது தம்மை அறியாமலே "நான் கூட ஊருக்குப் போன நண்பன்" என்றோ "என்னோடு ஊருக்கு வந்த நண்பன்" என்றோ மாற்றிச் சொல்லலாம். வாயும் தீர்ப்பும் முரண்படும் இந்த இடத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், சுட்டிக்காட்ட வேண்டாம். "கூட" நுழைந்தால் அது தனிக் கேள்விக்கு உரிய புதிய அமைப்பு. இன்னொரு நாள் அதற்கென்று வாக்கியங்கள் கட்ட வேண்டும்.

பொருள் கேள்வி ஆய்வு மொழியில், அமைப்பைத் தொடாததாக இருக்க வேண்டும். "ஊருக்கு எத்தனை பேர் போனார்கள்? நேற்று வந்தவன் எங்கிருந்தான்?" "இருவர் போனார்கள், வந்தவனும் போனவன்தான்" என்று விடை வந்தால் உடனிகழ்ச்சிப் பொருள் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் சூழல் கதையே இருவர் போனதைச் சொல்லிவிட்டதால், அதை மட்டும் கொண்டு முடிவு கட்ட முடியாது. "வந்தவன் எந்த நண்பன்?" என்பதற்கான விடையே தீர்மானிக்கும். சில வாக்கியங்களைச் சூழலே இல்லாமல் கேட்டு, என்ன பொருள் தோன்றுகிறது என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

திருத்தம் கேட்கும்போது, "இதே செய்தியை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். "சரியான வடிவம் எது?" என்று கேட்டால் பள்ளிக்கூட நடை வெளிவரும்.

இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் சிக்கல் இருமடங்காகிறது. மோசமான வாக்கியத்தைத் தகவலாளரிடம் சொல்ல அவர் நாக்கு கூசும். அவர் அறியாமலே திருத்திச் சொல்வார், தகவலாளர் அந்தத் திருத்திய வாக்கியத்தை ஏற்பார், உங்கள் ஏட்டில் திருத்தப்படாத வாக்கியத்துக்கு எதிரே ஏற்பு பதிவாகும். அமர்வு முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, மொழிபெயர்ப்பாளர் உண்மையில் உச்சரித்த வாக்கியத்தை எழுதிப் பார்க்காமல் அத்தகைய அமர்வின் எந்த விடையையும் பயன்படுத்தக் கூடாது.

8. சாயல் எவ்வளவு என்பதை அளந்து பாருங்கள்

நான்கு நாள் அமர்வுகள் முடிந்து ஒரு வாரமேனும் கழிந்த பின், ஆ வகையின் நான்கில் இரண்டை எடுத்து, இம்முறை வேண்டுமென்றே தொடர்பு மொழிப் பொருளையும் சேர்த்துக் கேளுங்கள். மற்ற இரண்டைப் பழையபடி, மொழிபெயர்ப்பு இல்லாமல் கேளுங்கள். இரண்டாவது இணை எதற்கென்றால், நாள் கடந்ததாலேயே தீர்ப்பு தளர்ந்ததா என்று பார்ப்பதற்கு.

மொழிபெயர்ப்போடு கேட்டவை மட்டும் "சொல்ல முடியாது" என்பதிலிருந்து "சொல்வோம்" என்பதற்கு நகர்ந்தால், ஆங்கிலம் எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்பது உங்கள் கண்முன்னே தெரிகிறது. நான்குமே நகர்ந்தால் காது பழகியிருக்கிறது. எதுவும் நகரவில்லை என்றால் தீர்ப்பு உறுதியானது. இந்தப் படியைச் செய்பவர்கள் குறைவு, ஏனெனில் முடிந்த வேலையை மீண்டும் கிளறுவதுபோல் தோன்றும். நான் தொடக்கத்தில் இதைச் செய்யாமல் விட்டு, மொழிபெயர்ப்போடு கேட்டுப் பெற்ற ஏற்புகளை வைத்து ஓர் அட்டவணை முழுவதையும் கட்டினேன். அதே தகவலாளர் பிறகு தம் உறவினரோடு பேசிய பதிவில் அந்த அமைப்பு ஒருமுறைகூட வரவில்லை. அதே செய்தி வந்த ஒவ்வோர் இடத்திலும் அவர் ஈ வகையைத்தான் சொல்லியிருந்தார். அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

9. களத்தில் குறிப்பது, வீட்டில் குறிப்பது

உடுக்குறியைக் களத்தில் போடாதீர்கள். களத்தில் எழுத வேண்டியவை: ஒலித்த வாக்கியம், முன் சொன்ன சூழலும் அது எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதும், தகவலாளர் சொன்ன விடையின் சொற்கள் அப்படியே, தயங்கினாரா சிரித்தாரா என்பது, திரும்பச் சொன்ன வடிவம், திருத்தம். மொழிபெயர்ப்பு சொல்லப்பட்டிருந்தால் அது தீர்ப்புக்கு முன்பா பின்பா என்பதையும் குறியுங்கள். `*` இலக்கணம் ஏற்காதது, `#` அமைப்பு ஏற்றும் அந்தச் சூழலுக்குப் பொருந்தாதது என்ற குறிகள் உங்கள் பகுப்பாய்வு. பகுப்பாய்வைத் தரவின்மேல் எழுதிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க இயலாது.

10. சாயலா, மாற்றமா?

இறுதியில் ஒரு சங்கடமான நிலை வரும். எல்லாப் படிகளையும் செய்த பிறகும் தகவலாளர் தொடர்பு மொழியை ஒத்த அமைப்பையே ஏற்கிறார். அப்போது அது உங்கள் கேள்வியால் வந்த சாயலன்று, மொழியே மாறியிருக்கலாம். கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. மகாராஷ்டிரத்தின் குப்வார் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் அருகருகே வழங்கிய மராத்தி, உருது, கன்னடம் ஆகியவை சொற்களில் வேறுபட்டிருந்தும், வாக்கிய அமைப்பில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக்கூடிய அளவுக்கு நெருங்கியிருந்தன. அங்கே மராத்தியை ஒத்த உருது வாக்கியத்தைச் "சாயல்" என்று தள்ளிவிடுபவர் அவ்வூர் உருதுவையே தள்ளிவிடுகிறார்.

பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. வெளியாள் இல்லாத இயல்புப் பேச்சில் அந்த அமைப்பு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அது மொழியின் சொத்து. அடுத்து, தொடர்பு மொழியைக் குறைவாகப் பயன்படுத்துபவரின் தீர்ப்போடு ஒப்பிடுங்கள். அவரும் ஏற்றால் மாற்றம் ஊர் முழுவதும் பரவியது. அவர் மறுத்து மற்றவர்கள் மட்டும் ஏற்றால், ஒரு தரப்பினரிடையே மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம். "இம்மொழியில்" என்று பொதுவாக எழுதாமல் யாருடைய பேச்சில் என்று பிரித்து எழுத வேண்டும்.

பதிவில் வராதது மட்டுமே மறுப்புக்குச் சான்றாகாது. உடனிகழ்ச்சியைத் தழுவும் தேவையே சில மணி நேரப் பேச்சில் அரிதாகத்தான் எழும். அதே செய்தி எத்தனை முறை வேறு அமைப்பில் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். "என்னோடு வந்த நண்பன்" பலமுறை வந்து "நான் போன நண்பன்" ஒருமுறையும் வராவிட்டால் அந்த இன்மைக்கு எடை உண்டு. இரண்டும் வரவில்லை என்றால் பதிவு இந்தக் கேள்விக்கு எதையும் சொல்லவில்லை. ஆ வகைக்கு எதிரே மொழிபெயர்ப்பு இல்லாமல் பெற்ற தீர்ப்பை மட்டும், கேட்ட ஆள்களின் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.